மழைமானி பேசாமல் போனால் திரை என்ன காட்ட வேண்டும்?

விடியற்காலை நான்கு மணிக்கு ஃபெக்டரியில் இரவுக் காவலில் இருந்த அண்ணன் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, போன்ல நாப்பதுன்னுதான் காட்டுது. பச்சையாத்தான் இருக்கு. ஆனா ஓடை சத்தம் வேற மாதிரி கேக்குது. நீங்க கொஞ்சம் பாருங்க" என்றார்.

நான் பார்த்தேன். திரையில் அதே நாற்பதுதான். 24 மணி நேர மழை 40 மில்லிமீற்றர், பச்சை நிறம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கடைசியாகத் தகவல் வந்த நேரம் இருந்தது: இரவு 9.40. அந்த மழைமானி ஆறு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, அமைத்துக் கொடுத்த நானும் கவனிக்கவில்லை.

அன்று எங்கள் தோட்டத்து மலைச்சரிவு அசையவில்லை, மண்சரிவு நடக்கவில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகுதான், கருவி பேசாமல் போவதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒழுங்காகப் படித்து, எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்காக அதை இங்கே விளக்குகிறேன். உதாரணம் மழைமானிதான். ஆனால் குளிரறையின் வெப்பமானி, தண்ணீர்த் தொட்டியின் மட்டமானி என்று தூரத்திலிருந்து எண் அனுப்பும் எந்தக் கருவியாக இருந்தாலும் கதை இதேதான்.

முதலில் அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். நம் மலையகத்தில் மண்சரிவுக்கு முன்னறிவிப்பு கொடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்துச் சில எல்லைகள் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ அபாயமான இடத்தை விட்டு வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களோடு சேர்த்து மண் மூடிய பிறகு, செங்குத்துச் சரிவுக்குக் கீழே வாழும் எவருக்கும் இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. ஆகவே 40 என்று பச்சையில் காட்டினால் "நிம்மதியாகப் படுங்கள்" என்றுதான் அர்த்தம். அப்படித்தான் அந்தத் திரை ஆறு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது கருவியைத் திறந்து பார்ப்போம். மேலே ஒரு புனல். அதன் வாய்க்குக் கீழே, தராசுத் தட்டு மாதிரி நடுவில் அச்சு வைத்த இரண்டு சின்னக் கிண்ணங்கள். புனலிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு கிண்ணத்தை நிரப்பும். நிரம்பியதும் அது "டக்" என்று சாய்ந்து தண்ணீரைக் கொட்டிவிடும், மற்றக் கிண்ணம் மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் 0.2 மில்லிமீற்றர் மழை. கிண்ணத்தோடு ஒட்டியிருக்கும் காந்தம் ஒரு சின்ன சுவிட்சைக் கடந்து போகும்போது ஒரு துடிப்பு உண்டாகும். அந்தத் துடிப்புகளை எண்ணி, சிம் போட்ட ஒரு பெட்டி தூரத்திலுள்ள சேர்வருக்கு அனுப்பும். அவ்வளவுதான்.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. மழை பெய்யவில்லை என்றால் கிண்ணம் சாயாது, துடிப்பும் வராது. கம்பி அறுந்திருந்தாலும் துடிப்பு வராது. பெட்டரி தீர்ந்திருந்தாலும், டவர் விழுந்திருந்தாலும் வராது. கிண்ணம் சாயும்போது மட்டும் செய்தி அனுப்பும்படி பெட்டியை அமைத்தால், நல்ல வெயில் நாளையும் செத்துப்போன கருவியையும் சேர்வரால் பிரித்துச் சொல்லவே முடியாது.

இதற்கு மாற்று, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் கருவியைப் பேச வைப்பது. நாங்கள் பத்து நிமிடம் என்று வைத்தோம். வெயில் அடித்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன், எண்ணிக்கை இவ்வளவு" என்று அது சொல்ல வேண்டும். இதை இதயத் துடிப்பு என்பார்கள். நாடி பிடித்துப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடி இருந்தால் ஆள் சுகமாக இருக்கிறார் என்று முடிவு கட்ட முடியாது, நாடி இல்லாவிட்டால் உடனே ஓட வேண்டும்.

எங்கள் பெட்டி தொடக்கத்திலிருந்தே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசிக்கொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் அந்த இரவு ஏன் தவறியது? தவறு சேர்வர் பக்கத்தில், இரண்டு இடங்களில் இருந்தது.

முதல் தவறைப் பார்ப்போம். இரவு 9.40க்குக் கடைசியாகச் செய்தி வந்தபோது 24 மணி நேர மழை 62 மில்லிமீற்றர். அதில் 22 முந்திய இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே பெய்தது. மீதி 40 அன்று பிற்பகல் இரண்டு மணியிலிருந்து பெய்தது. சேர்வர் செய்த கணக்கு மிகவும் எளிது: கடந்த 24 மணி நேரத்துக்குள் பதிவான வரிகளை எல்லாம் கூட்டு.

9.40க்குப் பிறகு புதிய வரிகள் வரவில்லை. ஆனால் கடிகாரம் நகர்ந்துகொண்டுதானே இருக்கிறது? பத்து மணி தாண்டியதும் முந்திய இரவின் மழை ஒவ்வொன்றாக 24 மணி நேர எல்லைக்கு வெளியே போகத் தொடங்கியது. 62 என்பது 60 ஆயிற்று, 57 ஆயிற்று. நள்ளிரவில் 51. இரண்டு மணிக்கு 40. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்கிறது, திரையிலோ மழை குறைந்துகொண்டே போகிறது.

கடைசி எண் அப்படியே உறைந்து நின்றிருந்தால்கூட யாராவது "என்ன இது, ஒரே மாதிரி நிற்கிறதே" என்று சந்தேகப்பட்டிருக்கலாம். இங்கே எண் அசைந்துகொண்டிருந்தது. அசைகிற எண்ணைப் பார்த்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது என்றுதான் மனம் நம்பும். வராத தகவலைப் பூச்சியம் என்று கூட்டியதன் விளைவு இது. கடைசி அளவைக் காட்டுவதைவிட ஆபத்தானது. மழை, நீரோட்டம், மின்பாவனை என்று கூட்டிக் கூட்டிப் பார்க்கும் எந்த அளவுக்கும் இந்த ஆபத்து உண்டு.

உண்மையில் என்ன பெய்தது என்பது எங்களுக்குக் காலை 5.30க்குத் தெரிந்தது. மேலே மரம் விழுந்து கரண்ட் போனதில் அந்த டவர் நின்றுவிட்டிருந்தது. மழைமானிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு எண்ணி நினைவில் வைத்திருந்து, டவர் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பியது. அதைப் பார்த்தால், 24 மணி நேர மழை இரவு 11.20 மணியளவிலேயே 75ஐத் தாண்டியிருக்கிறது. இரண்டேகால் மணியளவில் 100. அந்த அண்ணன் எனக்குப் போன் செய்தபோது உண்மையான அளவு 118. திரையில் 40.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது, புதிதாக நிரல் எழுதுகிற அநேகம் பேர் விழும் குழி. "தகவல் வந்து நேரமாகிவிட்டதா?" என்று பார்க்கும் சோதனை ஒன்றை நான் எழுதியே இருந்தேன். ஆனால் அதை, செய்தி வந்து சேரும்போது ஓடும் பகுதிக்குள் வைத்திருந்தேன். ஒரு மழைமானியின் செய்தி வந்ததும் அதைப் பதிந்துவிட்டு, அதன் முந்திய செய்தி எப்போது வந்தது என்று பார்ப்பேன். யோசித்துப் பாருங்கள். செய்தியே வராதபோது அந்த வரிகள் ஓடவே ஓடாது. கருவி மௌனமாகிவிட்டது என்பதைக் கருவி மீண்டும் பேசிய பிறகுதான் நமக்குச் சொல்லும். 5.30க்கு மிகச் சரியாகச் சொன்னது: "இது ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசவில்லை."

ஆகவே மௌனத்தைத் தேடும் சோதனை செய்திகளை நம்பி இருக்கக் கூடாது. கடிகாரத்தை நம்பி, தனியாக ஓட வேண்டும். செய்தி வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, ஒவ்வொரு கருவியையும் "நீ கடைசியாகப் பேசி எவ்வளவு நேரம்?" என்று கேட்க வேண்டும்.

"ஒவ்வொரு கருவியையும்" என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தோட்டத்தில் காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலை வைத்துக்கொண்டு பேர் போடுகிறார். பேர் செக்ரோலில் இருக்கிறது, ஆள் களத்தில் இல்லை, அதனால்தான் இன்னார் வரவில்லை என்று தெரிகிறது. செக்ரோல் இல்லாமல் களத்தில் நிற்பவர்களை மட்டும் பார்த்து எழுதினால், வராதவரின் பெயர் எங்கேயும் வராது. தரவுத்தளத்தில் "கடந்த ஒரு மணி நேரத்தில் வந்த செய்திகளைக் கருவி வாரியாகக் காட்டு" என்று கேட்பது களத்தில் நிற்பவர்களை எண்ணுவதுதான். பேசாத கருவிக்கு ஒரு வரிகூட இருக்காது. எச்சரிக்கை கொடுக்க வேண்டிய வரியே பட்டியலில் இல்லாமல் போய்விடும். அதனால் எந்தெந்தக் கருவிகள் பேச வேண்டும் என்ற இடாப்பு தனியாக, கையால் எழுதி வைத்ததாக இருக்க வேண்டும்.

திருத்திய பிறகு சோதனையின் உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```python
from datetime import datetime, timedelta, timezone

LIMIT = timedelta(minutes=35)
REGISTER = ["mel-01", "mel-02", "odai-01"]

def silent_gauges(last_seen):
    now = datetime.now(timezone.utc)
    out = []
    for g in REGISTER:
        t = last_seen.get(g)
        if t is None or now - t > LIMIT:
            out.append(g)
    return out
```

`REGISTER` என்பதுதான் செக்ரோல். `last_seen` ஒவ்வொரு கருவியின் கடைசிச் செய்தி நேரத்தையும் வைத்திருக்கிறது. ஒரு கருவி ஒருபோதும் பேசியதே இல்லை என்றால் அங்கே `None` வரும், அதுவும் மௌனமாகவே கணக்கிடப்படும். புதிதாகப் பொருத்திய கருவி முதல் நாளே வேலை செய்யாமல் போவது அபூர்வமல்ல, ஆகவே அந்த ஒரு நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். இந்தச் சோதனையை, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் `cron` வழியாக `*/5 * * * *` என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விட்டிருக்கிறோம்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். `last_seen` என்பது செய்தி சேர்வருக்கு வந்து சேர்ந்த நேரமா, கருவி அளந்த நேரமா? இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து வையுங்கள். டவர் திரும்பியதும் எங்கள் பெட்டி பழைய அளவுகளை எல்லாம் கொட்டியது. அவை வந்து சேர்ந்தது 5.30க்கு, ஆனால் முதலில் வந்தது முந்திய இரவு 9.50இன் அளவு. வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் பார்த்தால் பழைய எண் புதிய எண்ணாக வேஷம் போட்டுவிடும். கருவிகளின் செய்திகளைக் கடத்த எம்கியூடிடி முறையைப் பாவிக்கிறவர்களுக்கு இதே ஆபத்து வேறு உருவத்தில் வரும். கடைசிச் செய்தியை `retain` என்று குறித்து வைத்திருந்தால், உங்கள் நிரலை மீண்டும் தொடக்கும் ஒவ்வொரு முறையும், இடையில் நின்று செய்திகளை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் அந்தப் பழைய செய்தியை உடனே எடுத்துக் கொடுக்கும். மூன்று நாளாகச் செத்துக் கிடக்கும் கருவியும் அந்த நொடியில் பேசியது போலத் தெரியும். செய்திக்குள்ளேயே அளந்த நேரத்தை வைத்து, அதைப் பார்ப்பதுதான் வழி.

அடுத்து அந்த 35 நிமிடம். இந்த எண்ணை நான் மனம்போன போக்கில் வைக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச வேண்டிய கருவி, பதினோராம் நிமிடம் பேசாவிட்டால் உடனே கத்தலாம் என்று தோன்றும். ஆனால் நம் மலைகளில் மூடுபனியும் மழையும் உள்ள இரவுகளில் ஒன்றிரண்டு செய்திகள் தவறுவது சாதாரணம். ஒரு மாதத் தகவலை எடுத்து, அடுத்தடுத்த செய்திகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளைப் பார்த்தேன். பெரும்பாலானவை பத்து நிமிடம், சில இருபது, எப்போதாவது முப்பது. அதற்கு மேல் போன ஒவ்வொரு தடவையும் உண்மையிலேயே ஏதோ கெட்டுப்போயிருந்தது. முப்பதோடு ஐந்து நிமிடம் சேர்த்து 35 என்று வைத்தேன்.

மறுபக்கம் ஒரு கூரையும் உண்டு. ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்பது வெளியேறும் எல்லை என்று பார்த்தோம். மௌனத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் எடுத்தால், அந்த எல்லை கடந்து போனது நமக்குத் தெரியாமலே போகும். ஆகவே எந்த ஆபத்தைப் பார்க்கிறோமோ, அது முற்றுவதற்கு எடுக்கும் நேரத்தைவிட மௌன எல்லை நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இடிக்கிறது என்றால் எல்லையை மாற்றிப் பயனில்லை. கருவியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச வைக்க வேண்டும், அல்லது இரண்டாவது சிம் போட வேண்டும். நாங்கள் பிறகு செய்த ஒரு மாற்றம் எனக்குப் பிடித்தது: கடைசி ஒரு மணி நேரத்தில் கனமழை பெய்திருந்தால் மட்டும் எல்லையை 25 நிமிடமாகக் குறைப்பது. வறண்ட மாசி மாதத்தில் நடுச்சாமம் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் எழுப்பத்தான் வேண்டும். காரணமில்லாமல் நாலு தடவை எழுப்பிவிட்டால் ஐந்தாவது தடவை போனைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள், புலி வருது கதைதான்.

மழையோடு சேர்த்து இறுக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கருவி பேசாமல் போவதும் மழை பெய்வதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடப்பவை அல்ல. மரம் விழுந்து கரண்ட் போவது மழையில். மின்னல் விழுவது மழையில். பெட்டிக்குள் ஈரம் போவது மழையில். நாலைந்து நாள் மூடிக் கிடந்தால் சோலர் தகட்டில் சார்ஜ் ஏறாது, அதுவும் மழையில்தான். மண் அசைந்து கம்பமே சாய்ந்தால், கருவி மௌனமானதற்குக் காரணமே மண்சரிவு. அதனால் மழைக்காலத்தில் பேசாமல் போன மழைமானியை "தகவல் இல்லை" என்று ஒதுக்கக் கூடாது, நிலைமை மோசமாகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரமாகவே எடுக்க வேண்டும்.

பெட்டரி விஷயத்தில் ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்த்திருக்கிறேன். 12 வோல்ட் ஈய பெட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்கும். ஒருமுறை மேலேறிப் போய் அளந்தபோது 12.1 காட்டியது. பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் மோடம் டவரோடு பேசத் தொடங்கும் கணத்தில் ஒரு சின்ன இழுப்பு, சில கணங்களுக்கு அதிக மின்னோட்டம் கேட்கும். அந்தக் கணத்தில் பலவீனமான பெட்டரியின் வோல்ட் சரிந்து, மோடம் அணைந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் அணைந்தது. சும்மா இருக்கும்போது அளந்தால் நல்ல பெட்டரி, பேசப் போனால் செத்த பெட்டரி. அன்றிலிருந்து ஒவ்வொரு செய்தியிலும், அனுப்பும் நேரத்தில் அளந்த வோல்ட்டையும் சேர்த்து அனுப்புகிறோம். அது நாளுக்கு நாள் இறங்குவதைப் பார்த்தால் கருவி மௌனமாவதற்கு முன்பே தெரிந்துவிடும். சிம்முக்கு ரீலோட் முடியும் திகதியையும் இதே போல முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. உண்மையைச் சொன்னால் எங்கள் மௌனங்களில் கணிசமானவை ரீலோட் போட மறந்தவை.

சரி, மௌனம் என்று கண்டுபிடித்தாயிற்று. இனித் திரையில் என்ன காட்டுவது? என் முதல் யோசனை, மழை நிலைக்குப் பதிலாக "பழுது" என்று சாம்பல் நிறம் காட்டுவது. அது சரிவரவில்லை. ஒரு கருவி 110 என்று சொல்லிவிட்டு மௌனமாகிறது என்று வையுங்கள். சாம்பல் நிறமாக்கினால், இருந்த எச்சரிக்கையையும் நாமே அழித்துவிடுகிறோம். ஆகவே இரண்டையும் தனித்தனியாக வைத்தோம். மழை நிலை ஒன்று, கருவி பேசுகிறதா என்பது ஒன்று. கருவி மௌனமாக இருக்கும்போது மழை நிலை மேலே போகலாம், கீழே மட்டும் இறங்கக் கூடாது. இறக்குவதற்குப் புதிய அளவோ, நேரில் பார்த்த ஒருவரின் சொல்லோ வேண்டும். 24 மணி நேரக் கூட்டலும் மாறியது: இடையில் செய்தி இல்லாத நேரம் இருந்தால் "40" என்று போடாமல் "குறைந்தது 40, 4 மணி 20 நிமிடம் தகவல் இல்லை" என்று போடுகிறது. நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் படிப்பவருக்கு நிலைமை புரிகிறது.

போனுக்குப் போகும் செய்தியும் அப்படியே. "சென்சர் பிழை" என்று அனுப்பினால், அது போன் வைத்திருக்கும் பையனின் வேலை என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். இப்போது இப்படிப் போகிறது: "மேல் டிவிஷன் மழைமானி இரவு 9.40 முதல் பேசவில்லை. அப்போது 24 மணி நேர மழை 62 மி.மீ. இப்போது எவ்வளவு என்று தெரியாது. கையால் அளக்கும் மானியைப் பார்த்துச் சொல்லவும்." தோட்டங்களில் காலையில் மழையளவு எழுதுவது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம், ஆகவே கையால் அளக்கும் மானி பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். ஒருவர் டோர்ச்சோடு போய்ப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. அந்த இரவில் இது இருந்திருந்தால் 10.15 வாக்கில் செய்தி போயிருக்கும், மழை 75ஐத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக.

யாருக்குப் போக வேண்டும் என்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. மழைமானியின் சிம்மும் லயத்திலுள்ளவர்களின் போன்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே டவரை நம்பியிருந்தால், டவர் விழுந்த எச்சரிக்கை அந்த டவர் வழியாகவே போக வேண்டும். போகாது. அன்று காவல்கார அண்ணனின் சிம் வேறு என்பதால்தான் அவரால் எனக்குப் போன் செய்ய முடிந்தது. இப்போது பட்டியலில் இரண்டு வலையமைப்புகளின் சிம் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவரும் இருக்கிறார். ஒரே நேரத்தில் மூன்று மழைமானிகளும் மௌனமானால் மூன்று செய்தி போகாது. "எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன, டவராகவோ சேர்வராகவோ இருக்கலாம்" என்று ஒரே செய்தி போகும். தனியாக ஒன்று நின்றால் பெட்டரியைப் பார்க்க வேண்டும், எல்லாம் நின்றால் மேலேறிப் போய்ப் பயனில்லை, இந்த வித்தியாசம் நடுச்சாமத்தில் பெரியது.

கிராஃபானா போன்ற ஆயத்தத் திரைகளைப் பாவிப்பவர்கள் இரண்டு இடங்களைப் பாருங்கள். பெரிய எண்ணைக் காட்டும் பெட்டியில் `Last *` என்று இருந்தால், திரையில் தெரிவு செய்த கால எல்லைக்குள் எவ்வளவு பழையதாக இருந்தாலும் வெறுமையல்லாத கடைசி எண்ணைத்தான் அது காட்டும். பக்கத்திலேயே அந்த எண்ணின் வயதைக் காட்டும் இன்னொரு பெட்டி போடுங்கள். எச்சரிக்கை விதியில் தகவல் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில் `Normal`, `Keep Last State` என்றும் தெரிவுகள் உண்டு. மழைமானிக்கு அவை இரண்டுமே வேண்டாம். `Alerting` அல்லது `No Data` எடுங்கள். ஹோம் அசிஸ்டன்டில் எம்கியூடிடி கருவிக்கு `expire_after` என்ற வரி இருக்கிறது. அதில் நொடிக் கணக்கில் எண் கொடுத்தால், அத்தனை நொடி செய்தி வராவிட்டால் கருவி கிடைக்கவில்லை என்று காட்டும். கொடுக்காவிட்டால் பழைய எண் அப்படியே நிற்கும்.

இவ்வளவு செய்தும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. சவுக்கு இலைகள் புனலை அடைத்துக்கொண்டால் பெட்டி ஒழுங்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசும், வோல்ட் நன்றாக இருக்கும், மழை மட்டும் பூச்சியம். இதயத் துடிப்பு இருக்கிறது, ஆகவே மௌனச் சோதனைக்கு எல்லாம் சரி. இதைப் பிடிக்கப் பக்கத்து மானியோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்றில் 20 மில்லிமீற்றர் ஏறி, அரைக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மற்றதில் பூச்சியமே நின்றால் ஆள் அனுப்பிப் புனலைப் பார்க்கச் சொல்கிறோம். மலையில் ஒரு பக்கம் பெய்து மறுபக்கம் பெய்யாமல் இருப்பதும் உண்டு என்பதால் இதைப் பகலில் மட்டும், அவசரமில்லாத செய்தியாக அனுப்புகிறோம்.

கடைசியாக, இந்தச் சோதனையே நின்றுபோனால்? அது ஓடும் கணினி அணைந்தால் எச்சரிக்கையும் வராது, வராததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஆரம்பத்தில் இருந்த அதே சிக்கல் ஒரு படி மேலே ஏறி நிற்கிறது. இதற்கு எங்களிடம் இருக்கும் ஏற்பாடு எளிது. ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு "மூன்று மானியும் பேசுகின்றன, சோதனை ஓடுகிறது" என்று ஒரு குறுஞ்செய்தி காவல்கார அண்ணனுக்குப் போகும். ஆறேகாலுக்குள் வராவிட்டால் அவர் எனக்குப் போன் செய்வார். போன வாரம் வரவில்லை. ஆறு இருபதுக்குப் போன் வந்தது. "தம்பி, இன்னைக்கு மெசேஜ் வரலையே" என்றார். போய்ப் பார்த்தால், சேர்வர் கணினியின் பிளக்கை யாரோ கேத்தல் வைப்பதற்காகக் கழற்றியிருந்தார்கள்.